மூடப்போகிற பாட்டுச் செயலியிலிருந்து 612 பாடல்களை மீட்ட கதை

ஆகஸ்ட் நடுவில் ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் ஐந்து வருடமாகப் பாட்டுக் கேட்டுவந்த செயலி செப்டம்பர் 30 அன்று இந்தியாவில் சேவையை நிறுத்துகிறதாம். பெயர் வேண்டாம். என்னிடம் அப்போது மூன்று இருந்தன: ஒன்பது பட்டியல்களில் 612 பாடல்கள், போனில் இறக்கி வைத்த நான்கு ஜிபி பாட்டு, பிறகு பணம். பணம் என்றால், மார்ச் 13 அன்று கட்டிய ஒரு வருடச் சந்தா ₹599, அதோடு அலுவலகத்தில் பரிசாகக் கிடைத்த கூப்பனில் மீதமிருந்த ₹322.

இறக்கி வைத்ததுதான் பத்திரமாக இருக்கும் என்று நினைத்தேன். போனிலேயே இருக்கிறதே! கணினியில் இணைத்து அந்தக் கோப்புறையைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கோப்புகள் இருந்தன, ஆனால் பாட்டுப் பெயர் எதுவும் இல்லை. எண்ணும் எழுத்துமாக நீண்ட பெயர்கள். எந்த பிளேயரிலும் ஓடவில்லை. சந்தா செயலிகளில் 'டவுன்லோட்' என்பது பூட்டிய பெட்டி மாதிரி. சாவி செயலியிடம் இருக்கிறது, அந்தச் சாவிக்கும் காலாவதி உண்டு. நான் பயன்படுத்தியதில் 30 நாளுக்கு ஒரு முறையாவது இணையத்தில் இணைந்து சாவியைப் புதுப்பிக்க வேண்டும். சேவை நின்ற பிறகு போனை விமானப் பயன்முறையில் போட்டுச் சோதித்தேன், பாட்டு ஓடியது. பதினோராம் நாள் மறந்துபோய் வைஃபையை இயக்கினேன். அத்தனையும் சாம்பல் நிறமாகிவிட்டது. இடம் மட்டும் அப்படியே அடைத்துக்கொண்டு கிடந்தது.

காசு கொடுத்து வாங்கிய பாட்டு என்றால் கதை வேறு. 2020 கடைசியில் கூகுள் ப்ளே மியூசிக் மூடியபோது, அதில் விலைக்கு வாங்கிய பாடல்களையும் நாமே ஏற்றி வைத்தவற்றையும் கோப்பாகவே இறக்கிக்கொள்ள முடிந்தது. பட்டியல்களை யூட்யூப் மியூசிக்குக்கு மாற்றவும் வழி கொடுத்தார்கள். 2021 பிப்ரவரி 24 வரை அதற்கு அவகாசம் இருந்தது. சந்தாவில் கேட்பது வாடகை. இந்த வித்தியாசம் ஐந்து வருடமாக என் மண்டையில் ஏறவில்லை என்பதுதான் உண்மை.

சரி, பட்டியல்களையாவது காப்பாற்றுவோம் என்று இறங்கினேன். செயலியின் அமைப்புகளில் ஓர் ஓரத்தில் 'என் தரவைக் கேள்' என்று இருந்தது. அழுத்தினேன். நான்கு நாள் கழித்து என் பட்டியல்கள் அட்டவணையாக அடங்கிய ஒரு சிஎஸ்வி கோப்பு வந்தது. எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் தமிழ்த் தலைப்பெல்லாம் புரியாத குறிகளாகத் தெரிந்தன. கோப்பு கெட்டுப்போகவில்லை. அப்படித் திறக்காமல் Data மெனுவில் From Text/CSV வழியாகப் போய், எழுத்துக் குறிமுறையாக UTF-8 தேர்ந்தெடுத்தால் தமிழ் தமிழாகவே வரும். இதற்கு ஒரு மாலை போனது.

பட்டியலை ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித்தரும் இணையக் கருவிகள் இருக்கின்றன. ஒன்றில் கோப்பை ஏற்றினேன். நான் மாறப்போகிற புதிய செயலியில் 612-இல் 571 கிடைத்துவிட்டதாகச் சொன்னது. ஆகா என்று இருந்தது.

அந்த ஆகாவைக் கெடுத்தவர் என் மாமனார். பழைய பாடல்கள் 140 கொண்ட ஒரு பட்டியல் அவருக்காகவே போட்டது. காரில் போகும்போது மூன்றாவது பாட்டிலேயே, "மாப்பிள்ளை, இது அந்தம்மா பாடினது இல்லையே, யாரோ புதுசா பாடியிருக்காங்க" என்றார். பார்த்தால் கவர் பாட்டு. வீட்டுக்கு வந்து தோண்டினால், ஒன்று கரோக்கி, இன்னொன்று அதே மெட்டின் தெலுங்கு வடிவம்.

காரணம் எளிது. கருவி தலைப்பையும் கலைஞர் பெயரையும் வைத்துத்தான் தேடுகிறது. தமிழ்ப் பாடலின் தலைப்பை ஆங்கில எழுத்தில் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி எழுதும். 'கண்ணே' என்ற ஒரு சொல்லையே kanne, kannae, kanney என்று மூன்று விதமாகப் பார்த்தேன். கலைஞர் என்ற இடத்தில் ஒரு செயலி இசையமைப்பாளரைப் போடும், இன்னொன்று பாடகரைப் போடும். இரண்டும் பொருந்தாதபோது, கிட்டத்தட்ட ஒத்துவருவதை எடுத்துக்கொண்டு 'கிடைத்தது' என்று கருவி சொல்லிவிடுகிறது. கிடைக்கவில்லை என்றால்கூடத் தேடிப் பிடிக்கலாம். தவறாகக் கிடைத்ததுதான் தொல்லை.

எனக்கு உதவியது பாட்டின் நீளம். வந்த கோப்பில் ஒவ்வொரு பாட்டும் எத்தனை விநாடி என்று ஒரு பத்தி இருந்தது. புதிய செயலியில் ஏறிய பட்டியலையும் கோப்பாக இறக்கி, இரண்டையும் அருகருகே வைத்து, ஐந்து விநாடிக்கு மேல் வேறுபட்டவற்றைத் தனியே பிரித்தேன். 44 வந்தன. அவற்றில் 38 தவறானவை.

அப்புறம் அதே கோப்பில் ஐஎஸ்ஆர்சி என்ற பத்தியைக் கவனித்தேன். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தரப்படும் 12 இலக்க அடையாளம் அது. எழுத்தும் எண்ணும் கலந்திருக்கும். ஸ்பாட்டிஃபை தேடலில் isrc: என்று தட்டி அந்தக் குறியீட்டை ஒட்டினால் அதே பதிவு நேராக வந்து நிற்கும், எழுத்துக்கூட்டல் தகராறே இல்லை. தவறியதும் தவறாக வந்ததுமாக 79 பாடல்களில் 52 இப்படிக் கிடைத்தன. மீதி 27-க்கு இதுவும் உதவவில்லை. பழைய படப் பாடல்களைத் தொகுப்பாக மறுபடி வெளியிடும்போது சில கம்பெனிகள் புதிய குறியீட்டைக் கொடுத்துவிடுகின்றன. சிலவற்றின் உரிமை புதிய செயலியிடம் இல்லை. காதால் கேட்டு 16-ஐக் கண்டுபிடித்தேன். 11 போனது போனதுதான். அந்தப் பதினொன்றின் பெயரைத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

பணத்துக்கு வருவோம். சந்தாவில் பயன்படுத்தாத நாட்களுக்குத் திருப்பித் தருவதாக மின்னஞ்சலிலேயே இருந்தது. மார்ச் 13 முதல் செப்டம்பர் 30 வரை 202 நாள், மீதி 163. 599-ஐ 365-ஆல் வகுத்து 163-ஆல் பெருக்கினால் ₹267.50. வந்தது ₹226.69. என்னடா கணக்கு என்று குழம்பி, பழைய ரசீதை எடுத்துப் பார்த்தேன். ₹599-க்குள் 18 சதவீதம் ஜிஎஸ்டி அடக்கம். வரியைக் கழித்துவிட்டுத் திருப்பியிருக்கிறார்கள். பழைய ரசீதின் தொகையைக் குறைத்துக் காட்டும் கிரெடிட் நோட் போட்டால் அந்த வரியை அவர்கள் தங்கள் கணக்கில் சரிசெய்துகொள்ளலாம், அதற்குச் சட்டத்திலேயே இடம் உண்டு. இதை எழுதி அனுப்பினேன், பதில் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். மூன்று வாரத்தில் மீதி ₹40.81 வந்தது. சண்டை போட்டதற்குக் கூலி கட்டுபடியாகாதுதான்.

கூப்பன் ₹322 வரவில்லை. அந்தச் செயலிக்குள் மட்டுமே செலவழிக்கக்கூடிய இருப்பு இது. இப்படிப்பட்டதை வெளியிட ரிசர்வ் வங்கியின் அனுமதியே தேவையில்லை, அதனால் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போட்ட மனுவும் செல்லவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கலாம்; ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. ₹322-க்காக ஒரு நாள் விடுப்பு எடுக்க மனம் வரவில்லை. அறிவிப்பு வந்த அன்றே அந்தக் கூப்பனை எதற்காவது செலவழித்திருக்க வேண்டும் என்றால், அங்கே வாங்க இருந்த ஒரே பொருள் மூடப்போகிற அதே சந்தாதான்.

எல்லாம் முடிந்தது என்று செயலியையும் நீக்கிவிட்டேன். அடுத்த மார்ச் 12 காலையில் போன் அதிர்ந்தது. நாளை ₹599 பிடிக்கப்படும் என்று யுபிஐ ஆட்டோபே அறிவிப்பு. சேவை நின்று ஐந்து மாதத்துக்கு மேலாகியும் நான் கொடுத்த அனுமதி மட்டும் உயிரோடு இருந்திருக்கிறது. செயலியை நீக்கினால் அது போகாது. யுபிஐ செயலிக்குள் ஆட்டோபே பகுதிக்குப் போய், அந்தப் பெயரைத் தேடிப்பிடித்து, பின் எண் போட்டு ரத்து செய்ய வேண்டும். அதே பட்டியலில் இன்னும் இரண்டு பழைய பெயர்கள் தெரிந்தன. அவற்றையும் ரத்து செய்துவிட்டுக் காபி போடப் போனேன்.