கைதட்டு சொல்வதும் அலைவடிவம் சொல்வதும்

கமெராவில் படத்தையும் தனி ரெக்கோடரில் ஒலியையும் எடுத்துப் பிறகு இரண்டையும் ஒட்டுவது, திருகோணமலையில் கல்யாணமும் கோயில் திருவிழாவும் படம் பிடித்துப் பிழைக்கும் என் போன்றவர்களுக்கு அன்றாட வேலை. ஒட்டுவதற்கு வழிகள் இரண்டு. தொடக்கத்தில் ஒருவர் கைதட்ட, படத்தில் கைகள் சேரும் பிரேமையும் ஒலியில் அந்தத் தட்டு எழும் இடத்தையும் நேராக வைப்பது ஒன்று. கமெராவின் சொந்த மைக்கில் பதிந்த ஒலியின் அலைவடிவத்தையும் ரெக்கோடரின் அலைவடிவத்தையும் மென்பொருளே ஒப்பிட்டுப் பொருத்துவது மற்றது. இரண்டாவது வழி வந்தபின் கைதட்டு தேவையில்லை என்று தொழிலில் பலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இவை இரண்டும் ஒரே கேள்விக்கான இரண்டு விடைகள் அல்ல என்பதை ஒரு கூத்துப் பதிவு எனக்குத் தெளிவாகக் காட்டியது.

தம்பலகாமம் பக்கத்தில் ஒரு கோயில் முன்றலில் இரவு நடந்த கூத்து அது. களரிக்கு அருகில் ஒரு கமெரா, கூட்டத்துக்குப் பின்னால் முக்காலியில் இன்னொரு கமெரா, மிக்சரிலிருந்து நேராக ஒலியை எடுக்கும் ரெக்கோடர் ஒன்று என்று வைத்திருந்தோம். ரெக்கோடர் செக்கனுக்கு 48,000 மாதிரிகள் வேகத்திலும் கமெராக்கள் செக்கனுக்கு 25 பிரேம் வேகத்திலும் ஓடின. கூத்துத் தொடங்குமுன் எங்கள் உதவியாளர் களரி மைக்குக்குப் பக்கத்தில், வெளிச்சம் விழும் இடத்தில், இரண்டு கமெராக்களையும் நேராகப் பார்த்து நின்று ஒருமுறை கைதட்டினார். மங்களம் பாடி முடித்ததும் அதே இடத்தில் இன்னொரு முறை தட்டினார். பக்கவாட்டாக நின்று தட்டினால் ஒரு கை மற்றக் கையை மறைத்துவிடும் என்பதால்தான் நேராகப் பார்த்து நிற்பது. மைக்கிலிருந்து தள்ளி நின்று தட்டினால் அந்தத் தூரமும் கணக்கில் சேர்ந்துவிடும் என்பதால்தான் பக்கத்தில் நிற்பது.

வழமைபோல மூன்றையும் அலைவடிவத்தால் பொருத்தி, சில பகுதிகளைக் கூத்தைப் பழக்கி நடத்திய அண்ணாவியாருக்குப் போட்டுக் காட்டினேன். கிட்டக் கமெராவின் காட்சியில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பின்கமெராவின் நெருங்கிய காட்சியில் ஒரு வரவு ஆட்டம் வந்தபோதுதான் நிறுத்தச் சொன்னார். "தம்பி, இதில கால் விழுந்த பிறகுதான் மத்தளம் கேக்குது. முன்னம் காட்டினதில அப்பிடி இல்லையே" என்றார். ஒரே ஒலிக்கோப்பு, ஒரே பொருத்தும் முறை. ஆனால் ஒரு கமெராவில் சரியாகவும் மற்றதில் பிந்தியும் கேட்கிறது.

காரணம் ஒலியின் வேகம். நம்மூர் இரவு வெப்பத்தில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 348 மீற்றர் போகும். 25 பிரேம் வேகத்தில் ஒரு பிரேம் என்பது 40 மில்லிசெக்கன். அந்த நேரத்தில் ஒலி கடக்கும் தூரம் சுமார் 14 மீற்றர்தான். எனவே களரியிலிருந்து 28 மீற்றர் தள்ளி நிற்கும் கமெரா, மிதியைப் பார்த்து இரண்டு பிரேம் கழிந்த பிறகே அதன் ஓசையைக் கேட்கிறது. ரெக்கோடருக்கோ மிக்சர் வழியாக அந்த ஓசை அப்போதைக்கப்போது வந்துவிடுகிறது. அலைவடிவப் பொருத்தம் செய்வது, ஒரு கோப்பின் அலையை மற்றதன் மேல் சிறிது சிறிதாக நகர்த்தி, இரண்டும் அதிகமாக ஒன்றுபோல ஏறி இறங்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது மட்டுமே. அது படத்தைப் பார்ப்பதே இல்லை. கமெரா கேட்டதோடு ரெக்கோடர் கேட்டதைச் சேர்த்து வைக்கிறது; கமெரா கண்டதோடு அல்ல. பின்கமெராவின் ஒலி இரண்டு பிரேம் பிந்தியது என்பதால் மென்பொருள் அந்தக் கோப்பு முழுவதையும் இரண்டு பிரேம் முன்னே இழுக்கிறது. கூடவே படமும் முன்னே போய்விடுகிறது.

இதை அறிய நாடா பிடித்துத் தூரம் அளக்கத் தேவையில்லை. பின்கமெராவின் கோப்பை மட்டும் எடுத்து, தொடக்கக் கைதட்டில் கைகள் சேரும் முதல் பிரேமைக் கண்டுபிடித்து, அதே கோப்பின் சொந்த ஒலியில் தட்டு எங்கே எழுகிறது என்று பார்த்தால் போதும். எங்களுடையதில் அது இரண்டு பிரேம் பின்னால் இருந்தது. கிட்டக் கமெராவில் அப்படி எந்த இடைவெளியும் தெரியவில்லை. திருத்தமும் எளிது: ரெக்கோடரின் ஒலியைத் தொடாமல், அலைவடிவத்தால் பொருத்திய பின்கமெராவின் படத்தை மட்டும் இரண்டு பிரேம் பின்னுக்குத் தள்ள வேண்டும். ஒலியை நகர்த்தினால் கிட்டக் கமெராவின் பொருத்தம் பிசகிவிடும்.

கைதட்டின் துல்லியத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 1/50 செக்கன் ஷட்டரில் எடுக்கும்போது ஒவ்வொரு பிரேமிலும் 20 மில்லிசெக்கன்தான் படம் பதிகிறது; மிச்ச 20 மில்லிசெக்கனில் கைகள் சேர்ந்திருந்தால் ஒரு பிரேமில் பிரிந்தும் அடுத்ததில் சேர்ந்துமிருக்கும் கைகளையே காண்போம். ஆகவே கைதட்டால் ஒரு பிரேமுக்குள் நிற்கலாம், அதற்கு மேல் நுணுக்கமாகப் போக முடியாது. அலைவடிவமோ ஒரு பிரேமுக்குரிய 1,920 மாதிரிகளுக்குள்ளும் இடம் காட்டக்கூடியது. அந்த நுணுக்கம் பயன்படும் இடம் வேறு.

அது கடிகாரப் பிசகு. கமெராவும் ரெக்கோடரும் தமக்குள் இருக்கும் குவார்ட்ஸ் பளிங்கின் துடிப்பை எண்ணித்தான் நேரத்தைக் கணக்கிடுகின்றன. எந்த இரண்டு பளிங்கும் முற்றிலும் ஒன்றுபோலத் துடிப்பதில்லை. மின்சாரத்தில் மாட்டியிருந்த பின்கமெரா நிறுத்தாமல் இரண்டு மணித்தியாலம் ஓடியது. தொடக்கத்தில் சரியாகப் பொருந்தியிருந்த ஒலி, முடிவுக் கைதட்டில் ஆறு பிரேம் முந்தி வந்தது. அதாவது இரண்டு கைதட்டுகளுக்கும் இடைப்பட்ட நேரம் கமெராவின் கணக்கில் 7,200 செக்கன், ரெக்கோடரின் கணக்கில் 7,199.76 செக்கன். பத்து இலட்சத்துக்கு 33 என்ற அளவிலான வேறுபாடு; சாதாரணக் கருவிகளில் இது ஒரு குறைபாடே அல்ல.

இங்கே ஒலி முந்துவதுதான் கவலைக்குரியது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒலி 45 மில்லிசெக்கன் முந்தினாலே பார்ப்பவர்களுக்குத் தெரியத் தொடங்கும். பிந்துவதானால் 125 மில்லிசெக்கன் வரை தெரியாது. இயற்கையில் ஒலி எப்போதும் காட்சிக்குப் பின்னால்தான் வருகிறது, முந்தி வருவதே இல்லை என்பதால் இது வியப்பல்ல. அண்ணாவியாருக்குத் தெரிந்தது 80 மில்லிசெக்கன் பிந்தல். அந்த எல்லைக்குள் இருந்தும் தெரிந்தது. சலங்கைக் காலையும் மத்தளத்தையும் வாழ்நாள் முழுவதும் சேர்த்துப் பார்த்தவருக்குச் சராசரிப் பார்வையாளரின் எல்லை பொருந்தாது என்றே எடுத்துக்கொண்டேன். முடிவில் 240 மில்லிசெக்கன் முந்தல் என்பது யாருக்கும் தெரியும்.

பிசகின் அளவைக் கணக்கிட அலைவடிவம்தான் நல்லது. தொடக்கத்திலும் முடிவிலும் சில செக்கன் ஒலியை எடுத்து, ஒவ்வோர் இடத்திலும் பொருத்தம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க வேண்டும். கமெரா இடம் மாறாதவரை தூரத்தால் வரும் இரண்டு பிரேம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். கழிக்கும்போது அது தானாகவே அடிபட்டுப் போகிறது. தூரத்தைச் சொல்ல முடியாத அதே அலைவடிவம், வேகத்தைச் சொல்வதில் கைதட்டைவிட நம்பகமானது. நடுவில் யாராவது முக்காலியைத் தூக்கி இடம் மாற்றியிருந்தால் இந்தக் கணக்குச் செல்லாது. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

இந்தப் பிசகைத் திருத்த ரெக்கோடரின் ஒலியை நீட்ட வேண்டும்; நீட்டும் விகிதம் மிகச் சிறியது. எடிட் மென்பொருள்கள் சிலவற்றில் வேக வீதத்துக்கு இரண்டு தசம இடங்களே கிடைக்கும், 99.9967 என்று கொடுத்தால் அது 100.00 ஆகிவிடும். நான் இதை வெளியே, sox என்ற கட்டளைவரி மென்பொருளால் செய்துகொள்கிறேன்:

```
sox koothu.wav koothu_sync.wav speed 0.9999667
```

7,199.76ஐ 7,200ஆல் வகுத்தால் வருவதுதான் அந்த எண். ஒலி அந்த அளவுக்கு மெதுவாகிறது. சுருதி மாறுவது எந்தக் காதுக்கும் எட்டாத அளவு. மூலக்கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, நீட்டிய கோப்பையே பயன்படுத்துகிறேன். கிட்டக் கமெரா அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை கோப்பை முடித்துப் புதிதாகத் தொடங்கியதால் ஒவ்வொரு துண்டையும் புதிதாகப் பொருத்தினோம்; அந்த நீளத்தில் இதே அளவு பிசகு இருந்தாலும் ஒன்றரைப் பிரேமைத் தாண்டாது.

அலைவடிவத்தை நம்பும்போது கூத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. தாளக்கட்டு ஒரே சுற்றாகத் திரும்பத் திரும்ப வரும். சிறிய துண்டைக் கொடுத்தால் மென்பொருள் ஒரு சுற்று முன்னாலோ பின்னாலோ பொருத்திவிடும். அப்போது காலும் தாளமும் ஒட்டியே தெரியும், வாயும் சொல்லும் மட்டும் ஒட்டாது. ஆகவே நான் பாட்டுவரியோ வசனமோ வரும் இடத்தைத்தான் பொருத்தக் கொடுப்பேன்; பிறகு வேறு இரண்டு இடங்களில் வாயசைவைப் பார்த்துக்கொள்வேன். கைதட்டு விடுபட்டுப்போன பதிவுகளில் அண்ணாவியாரின் கையில் தாளங்கள் சேரும் கணம் நல்ல மாற்று. அது படத்திலும் தெரியும், ஒலியிலும் கூர்மையாக எழும்.

உப்புவெளிக் கடற்கரையில் கல்யாணம் எடுக்கும்போது நிலைமை தலைகீழ். கமெராவின் மைக்கில் காற்றும் அலையும்தான் பதிந்திருக்கும், மணமக்களின் சட்டைமைக்கில் பேச்சு மட்டும்; இரண்டுக்கும் பொதுவான ஓசை அநேகமாக இல்லை என்பதால் மென்பொருள் எங்கேயோ ஓரிடத்தைக் காட்டிவிட்டுப் பொருத்திவிட்டதாகச் சொல்லும். அங்கே கமெராவை நிறுத்தித் தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கைதட்டு என்று உதவியாளரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தொடக்கத்தில் தட்ட வசதிப்படாவிட்டால் கமெராவை நிறுத்துவதற்கு முன்னர் தட்டச் சொல்வேன். அந்தத் துண்டுகளைப் பின்னாலிருந்து ஒட்டிக்கொள்கிறேன்.