செயல்திறன் கூலி: 15க்கு 4 வாங்கிய கேள்வியை இந்த முறை எழுதிய விதம்

பொருளியல் தேர்வு முடிவு நேற்று வந்தது, தேறிவிட்டேன். போன முறை என்னைக் கவிழ்த்தது செயல்திறன் கூலி பற்றிய ஒரே கேள்வி: நிறுவனங்கள் சந்தைச் சமநிலைக் கூலியை விட அதிகமாக ஏன் தருகின்றன, அதனால் வேலையின்மை எப்படி உண்டாகிறது? விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தபோது 15க்கு 4. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி: "வேலை இல்லாதவர் ஏன் குறைந்த கூலிக்கு வரவில்லை?"

அந்த வரியை ஒரு வருடம் மேசை மேல் ஒட்டி வைத்திருந்தேன். இந்தத் தலைப்பே அதில்தான் இருக்கிறது.

நான் செய்த தவறு இதுதான். தேவைக் கோடு, அளிப்புக் கோடு, அவை வெட்டும் புள்ளிக்கு மேலே ஒரு கிடைக்கோடு, நடுவில் வேலையின்மை என்று வரைந்துவிட்டேன். அது குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் படம். அங்கே கூலி இறங்காமல் சட்டம் தடுக்கிறது. இங்கே யாரும் தடுக்கவில்லை. குறைந்த கூலிக்கு வருகிறேன் என்று ஒருவர் வாசலில் நிற்கிறார், முதலாளியே வேண்டாம் என்கிறார். ஏன் வேண்டாம் என்கிறார் என்று விளக்கினால்தான் மதிப்பெண்.

ஷபிரோவும் ஸ்டிக்லிட்ஸும் 1984இல் எழுதிய மாதிரியை மட்டும் எடுத்துக்கொண்டேன். நான் ஒன்றை ஆழமாகப் படித்தால்தான் எழுதக்கூடியவன். இந்தக் கேள்விக்குச் சொல்லப்படும் நாலு மாதிரிகளையும் தொட்டு எழுத வருபவர்கள் அப்படியே செய்யலாம். கருத்து எளிது: வேலையாள் முழு நேரமும் உழைக்கிறாரா என்று முதலாளியால் எப்போதும் பார்க்க முடியாது. உழைக்காமல் ஏய்த்துப் பிடிபட்டால் வேலை போகும். ஆனால் எல்லோருக்கும் வேலை கிடைக்கும் சந்தையில், இன்று போனால் நாளை அதே கூலிக்கு அடுத்த வேலை. அப்புறம் என்ன பயம்?

தேர்வில் நான் போட்ட கணக்கு இது. வேலையின்மை உதவித்தொகை இல்லை என்று வைத்துக்கொண்டேன்.

```
w = e + (e/q)(b/u + r)
```

உழைப்பின் சிரமம் e = 100. ஏய்ப்பவர் ஒரு மாதத்தில் பிடிபடும் விகிதம் q = 0.25. வேறு காரணங்களால் மாதந்தோறும் வேலை போகும் விகிதம் b = 0.02. வட்டி r = 0.01. ஏய்க்காமல் இருக்கத் தேவையான கூலி w, வேலையின்மை u 10% என்றால் 184. 5% என்றால் 264. 2% என்றால் 504. u பூச்சியத்தை நெருங்க நெருங்க w எல்லையில்லாமல் ஏறும்.

இப்போது தேவைப் பக்கம். முழு வேலைவாய்ப்பில் கடைசி ஆளின் இறுதிநிலை உற்பத்தி, அதாவது அவர் ஒருவரால் கூடும் உற்பத்தி, 250 என்றும், 95% பேர் வேலையில் இருக்கும்போது 264 என்றும் கொள்ளுங்கள். ஏய்ப்பு என்ற பிரச்சினையே இல்லாத உலகில் கூலி 250, எல்லோருக்கும் வேலை. ஏய்ப்பு உள்ள உலகில் தேவைக் கோடும், மேலே கணக்கிட்ட w-க்கான ஏய்க்காமைக் கோடும் 264இல்தான் சந்திக்கின்றன. 5% பேர் வெளியே.

வெளியே நிற்பவர் "250க்கு வருகிறேன், நன்றாக உழைக்கிறேன்" என்கிறார். மனதார அப்படிச் சொன்னாலும், உள்ளே வந்த பிறகு 250 கூலியில் ஏய்ப்பதுதான் அவருக்கு லாபம். முதலாளிக்கும் இது தெரியும், அதனால் வாக்கு எடுபடாது. கூலி இறங்காததற்கும் அவர் விரும்பாமலே வேலையின்றி இருப்பதற்கும் காரணம் இதுதான்.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. "மற்ற நிறுவனங்களை விட அதிகம் தருவதால் வேலையை இழக்கப் பயம்" என்று எழுதாதீர்கள். எல்லா நிறுவனங்களும் ஏற்றினால் யாருமே மற்றவரை விட அதிகம் தருவதில்லை. அப்போது பயம் வருவது, அடுத்த வேலை கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டிய நாட்களால்.

தாளில் நான் சேர்த்தவை:

- கண்காணிப்பு மேம்பட்டு q 0.5 ஆனால், அதே 5%இல் தேவையான கூலி 182தான். அதனால் சமநிலையில் கூலியும் வேலையின்மையும் குறையும்.
- உதவித்தொகை கூடினால் ஏய்க்காமைக் கோடு மேலே போகும்.
- போர்டு நிறுவனம் 1914இல் நாளுக்கு 5 டாலர் என்று அறிவித்ததை இங்கே நுழைக்காதீர்கள். அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுவது ஆட்கள் அடிக்கடி விலகிப் போனது. அது செயல்திறன் கூலியின் வேறொரு மாதிரியில் வருவது. ஒரு வரியில் பிரித்துச் சொன்னால் போதும்.

குறையும் எழுத வேண்டும். வேலையில் சேரும்போதே முன்பணம் வாங்கிவைத்து, ஏய்த்தால் பறிமுதல் என்றால் அதிகக் கூலியே தேவையில்லையே என்பது வலுவான எதிர்வாதம். அதற்கு நான் எழுதிய பதில் இரண்டே வாக்கியம்: வேலை தேடுபவரிடம் அவ்வளவு பணம் இருக்காது. இருந்தாலும், ஏய்க்காதவர் மீதும் பழி போட்டு அதை விழுங்க முதலாளிக்கு ஆசை வரும்.