கார்டு பாக்கியைத் தவணையாக்க நான் அலைந்த கதை

பம்ப் கம்பெனியில் ஆட்குறைப்பு என்று மார்ச்சில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது கிரெடிட் கார்டு பாக்கி ஏறக்குறைய 1,70,000. இரண்டு பில் தவறியதும் அது 1,84,000 ஆனது. மாதம் 3.6 சதவீதம் வட்டி, அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. கணக்குப் போட்டால் மாதம் 7,800 ரூபாய் அதற்கே போகிறது. மினிமம் டியூ 9,200. சிரமப்பட்டு அதைக் கட்டினாலும் அசலில் குறைவது 1,400தான். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

ஆப்பில் பாக்கியை இஎம்ஐ ஆக மாற்றும் பட்டன் இருந்தது, ஆனால் மங்கிக் கிடந்தது. டியூ தவறிய கணக்குக்கு அது வேலை செய்யாதாம். அதாவது, தவறுவதற்கு முன்னாலேயே அதை அழுத்தியிருக்க வேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை, உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.

பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறி கோவை கிளைக்குப் போனேன். ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்து, "கார்டு டிவிஷன் தனி சார், இங்க எங்களுக்கு அந்த ஸ்கிரீனே வராது" என்றார் அதிகாரி. பொய் சொல்லவில்லை. ஆனால் அதை வாசலிலேயே சொல்லியிருக்கலாம். கிளைக்குப் போகாதீர்கள், அரை நாள் மிச்சம்.

இதற்கிடையில் வசூல் ஏஜென்சிப் பையன் தினமும் போன். "சார், இன்னிக்கே 95,000 கட்டிடுங்க, மீதி எல்லாம் தள்ளுபடி, அக்கவுன்ட் க்ளோஸ்." கேட்கும்போது அமிர்தம்தான். தங்கை நகையை அடகு வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். ஃபைனான்ஸில் வேலை பார்க்கும் மச்சான்தான் தடுத்தார். "மாப்ள, அது செட்டில்மென்ட். சிபில்ல 'செட்டில்டு'னு விழும். நாளைக்கு வீட்டு லோனுக்குப் போனா அதைத்தான் முதல்ல பாப்பாங்க. நீ கேக்க வேண்டியது ரீஸ்ட்ரக்சரிங். அசலை முழுசாக் கட்டுறேன், வட்டியைக் குறைங்கன்னு கேளு." ரீஸ்ட்ரக்சர் செய்ததும் ரிப்போர்ட்டில் தெரியத்தான் செய்யும். ஆனால் முழுக் கடனையும் அடைத்தவன் என்று நிற்கலாம். இன்னொன்றும் சொன்னார்: 90 நாள் தாண்டினால் வாராக்கடன் கணக்கில் போய்விடும், அதற்குள் கேள். எனக்கு அப்போது 50 நாள் ஓடியிருந்தது.

போன் பையனுக்கு இதைத் தர அதிகாரம் கிடையாது. கஸ்டமர் கேரும் "நோட் பண்ணிக்கிறோம் சார்" என்பதோடு சரி. வங்கி இணையதளத்தில் குறைதீர்ப்பு அதிகாரியின் மெயில் முகவரி இருக்கும், அதற்கு எழுதினேன். கஷ்டத்தை இரண்டு வரியில் முடித்துவிட்டு, "மாதம் 8,000 கட்ட முடியும், 24 மாதம் வேண்டும், லேட் ஃபீயையும் வட்டியையும் குறைக்கவும்" என்று எண்ணோடு கேட்டேன். எண் போட்டதால்தான் பதில் வந்தது என்று நினைக்கிறேன்.

பதிலில் ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்டும் வேலை போனதற்கான கடிதமும் கேட்டிருந்தார்கள். கம்பெனி எனக்குக் கொடுத்தது ஒரு மெயில் மட்டும்தான், லெட்டர்ஹெட் கிடையாது. "ஏற்க இயலாது." ஹெச்ஆரிடம் நான்கு முறை நடந்து ரிலீவிங் லெட்டர் வாங்குவதற்குள் 12 நாள் போனது. வேலையை விட்டு வரும்போதே அதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

லெட்டர் அனுப்பியும் சத்தமில்லை. முதல் மெயில் போட்டு 24ஆம் நாள், "30 நாள் முடிந்ததும் ரிசர்வ் வங்கியின் cms.rbi.org.in தளத்தில் புகார் பதிவேன்" என்று நோடல் அதிகாரிக்கு ஒரு வரி போட்டேன். மூன்றாம் நாள் போன் வந்தது, மரியாதையான குரல். லேட் ஃபீயும் வட்டியில் ஒரு பகுதியுமாக 14,000 தள்ளுபடி. மீதி 1,70,000க்கு மாதம் 1 சதவீத வட்டியில் 24 தவணை, தவணை 8,002. கார்டு முடக்கம், அது போனால் போகட்டும். வட்டிக்கு ஜிஎஸ்டி தனி, முதல் மாதம் 306 ரூபாய். கடிதம் மெயிலில் வந்த பிறகுதான் பணம் கட்டினேன்.

அதோடு முடியவில்லை. பில் தேதி 18, அவர்கள் பிளானைப் பதிவு செய்தது 20. அதனால் அந்த மாத பில் பழைய கணக்குப்படியே வந்தது. "அதைக் கண்டுக்காதீங்க சார்" என்றது கஸ்டமர் கேர். அடுத்த பில்லில் 1,300 லேட் ஃபீ! அந்தப் பேச்சுக்கு ஆதாரம் ஏது? நல்லவேளை, அன்றே அதே மெயில் தொடரில் "பழைய பில்லைக் கட்டத் தேவையில்லை என்று இன்று போனில் சொன்னீர்கள்" என்று போட்டு வைத்திருந்தேன். ஜிஎஸ்டியோடு திருப்பிப் போட்டார்கள்.

ஐந்தாவது தவணை போன வாரம் போனது. செட்டில்மென்ட் பையன் இன்னும் கூப்பிடுகிறார். அவர் லிஸ்டில் என் பேரை யாரும் எடுக்கவில்லையாம்.