ஊர் சிம்மைக் கழட்டிப் போட்றாதீங்க
மதுரையிலருந்து ஒரு வருஷம் ஜெர்மனிக்குப் படிக்கப் போறவங்க, பேச்சுக்கும் நெட்டுக்கும் அங்கயே ப்ரீபெய்டு சிம் வாங்கிக்கோங்க. பாஸ்போர்ட்டைச் சரிபார்த்த பிறகுதான் அது ஆக்டிவேட் ஆகும். ரோமிங் பேக்கெல்லாம் பத்து நாள் டூருக்குத்தான் சரி.

ஆனா நம்மூர் சிம்மும் போன்லயே கிடக்கணும். பேங்க் ஓடிபி அதுக்குத்தான வரும்? கிளம்புறதுக்கு முன்னாடியே சிம் கம்பெனி ஆப்ல இன்டர்நேஷனல் ரோமிங்கை ஆன் பண்ணிடுங்க. மறந்தா, அங்க இறங்கினதும் 'No Service'னு நிக்கும்; ஆப்புக்குள்ள போகக் கேக்குற ஓடிபியும் அதே செத்த நம்பருக்குத்தான் போகும்! டேட்டா ரோமிங்கை மட்டும் அந்த சிம்முக்கு ஆஃப்ல வைங்க. எஸ்எம்எஸ் வர்றதுக்குப் பொதுவா காசு கிடையாது, ஆனா போன் வந்து எடுத்தா நிமிஷக் கணக்குல பிடிச்சிருவாங்க. திருமங்கலத்துலருந்து அம்மா வாட்ஸ்அப்ல கூப்பிடட்டும். வேலிடிட்டி முடியுறதுக்குள்ள வீட்டுல யாராவது ரீசார்ஜ் போட்டுவிடணும்.