இதழ் பச்சையாகும்போது: அராபிடாப்சிஸ் தட்டு நாட்குறிப்பு

ஜூலை 2

28 டிகிரி அறையில் இன்று முதல் பூ விரிந்தது. விதைத்து நான்கு வாரம் ஆகிறது. அராபிடாப்சிஸ் கடுகுக் குடும்பத்துச் செடி, பூ மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். முறைப்படி வெளியிலிருந்து உள்ளே நான்கு புல்லி, நான்கு வெள்ளை அல்லி, ஆறு மகரந்தத்தாள், நடுவில் இரண்டு சூலிலை இணைந்த சூலகம். இந்தத் தட்டில் இருப்பது அபெட்டலா3 மரபணு பழுதுபட்ட செடி. வெள்ளையே இல்லை. புல்லிக்குள் இன்னொரு சுற்றுப் புல்லி, அதற்குள் மகரந்தத்தாள் இருக்க வேண்டிய இடத்தில் சூலிலைகள், நடுச் சூலகத்தோடு ஒட்டிக்கொண்டு. பக்கத்தில் வைத்திருக்கும் இயல்பான செடி அதே சூட்டில் வெள்ளையாகத்தான் பூத்திருக்கிறது. ஆக, இது சூட்டினால் வாடிய இதழ் இல்லை.

ஜூலை 3

பச்சை நிறத்தை மட்டும் நம்பி இதைப் புல்லி என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஓர் உறுப்பைக் கிள்ளி நுண்ணோக்கியில் வைத்தேன். அல்லியின் மேற்புறத்தில் செல்கள் சின்னச் சின்னக் கூம்பாக நெருங்கி நிற்கும், இலைத்துளை இருக்காது. இங்கே கூம்பே இல்லை. நீளமான பெரிய செல்கள், நடுநடுவே இலைத்துளைகள். இதழின் இடத்தில் முளைத்த முழுப் புல்லிதான் இது.

ஜூலை 5

தங்கை போனில் கேட்டாள்: "ஒரு மரபணு போனால் ஒரு உறுப்புதானே போகணும், எதுக்கு ரெண்டு சுற்றும் மாறுது?" சரியான கேள்வி. 1991-இல் என்ரிக்கோ கோயனும் எலியட் மெயரோவிட்ஸும் முன்வைத்த ஏபிசி மாதிரியின் உயிரே அதுதான். ஏ, பி, சி என மூன்று வேலைகள், ஒவ்வொன்றும் அடுத்தடுத்த இரண்டு சுற்றில் நடக்கும். ஏ மட்டும் இருந்தால் புல்லி, ஏயும் பியும் சேர்ந்தால் அல்லி, பியும் சியும் சேர்ந்தால் மகரந்தத்தாள், சி மட்டும் இருந்தால் சூலிலை. அபெட்டலா3 பி வேலையைச் செய்வது. அது போனால் இரண்டாம் சுற்றில் ஏ தனியாக மிஞ்சும், புல்லி வரும். மூன்றாம் சுற்றில் சி தனியாக மிஞ்சும், சூலிலை வரும். இதை வைத்து அவளையே கணக்குப் போடச் சொன்னேன், போட்டுவிட்டாள்.

அப்புறம், பாதிச் செடிகளை 16 டிகிரி அறைக்கு மாற்றினேன். இந்த வகைச் சடுதிமாற்றத்தில் மரபணுவின் செய்தியை வெட்டி ஒட்டும் இடத்தில்தான் பழுது. சூட்டில் ஒரு துண்டு விட்டுப்போகிறது, குளிரில் பெரும்பாலும் சரியாக ஒட்டிக்கொள்கிறது.

ஜூலை 14

குளிரறையிலும் விரிகிற பூ இன்னும் பச்சைதான். பதற வேண்டியதில்லை. இவை மாற்றிய அன்றே மொட்டாக இருந்தவை, அவற்றின் உறுப்புகள் என்னவாக வேண்டும் என்பது சூட்டிலேயே தீர்மானமாகிவிட்டது.

ஜூலை 27

அதே தண்டில், மேலே, இடைப்பட்ட பூக்கள். ஓர் இதழின் அடி பச்சை, விளிம்பு வெள்ளை. வெள்ளைப் பக்கத்தில் கூம்புச் செல்கள், பச்சைப் பக்கத்தில் இலைத்துளைகள். ஒரே உறுப்பில் இரண்டும். வெகுநேரம் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 8

உச்சியில் ஏறக்குறைய இயல்பான வெள்ளைப் பூ, மகரந்தத்தோடு. கீழே பச்சை, நடுவில் கலப்பு, மேலே வெள்ளை என்று ஒரு மாத வெப்பநிலையைத் தண்டே எழுதி வைத்திருக்கிறது.

ஆகஸ்ட் 10

இதழ் மகரந்தத்தாளாக மாறுவதைப் பார்க்க அடுத்த தட்டுக்குப் போனேன். அதில் இருப்பது ஏ வேலை செய்யும் அபெட்டலா2 பழுதுபட்ட செடி. ஏயும் சியும் ஒன்றையொன்று உள்ளே விடாது. ஏ போனால் சி வெளிச் சுற்றுகளுக்கும் பரவிவிடும், இரண்டாம் சுற்றில் பியோடு சேர்ந்து மகரந்தத்தாளை உண்டாக்கும். இது மென்மையான பழுதுள்ள வகை என்பதால் மாற்றம் பாதியில் நிற்கிறது: இதழ் மெலிந்து, ஓரத்தில் மகரந்தப்பை மாதிரி மஞ்சள் தடிப்பு. கடும் பழுதுள்ள வகைகளில் இரண்டாம் சுற்று பல நேரம் வளர்வதே இல்லை. அங்கே இதழ் உருமாறியதா, காணாமலே போனதா என்று பிரித்துப் பார்க்கத் தவறினால் கணக்கு தப்பும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பி, சி வேலைகள் பல பூச்செடிகளில் இதே மாதிரி நடக்கின்றன. ஏ அப்படியில்லை. கோயன் ஆராய்ந்த ஆன்டிரைனம் என்ற பூச்செடியிலேயே அபெட்டலா2 மாதிரித் தெளிவான ஏ சடுதிமாற்றம் கிடைக்கவில்லை. மூன்று எழுத்தும் ஒரே உறுதியில் நிற்பவை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

செப்டம்பர் 22

குளிரறையில் தன் மகரந்தத்திலேயே கருவுற்ற காய்கள் பழுத்தன. விதை எடுத்து, மூன்று நாள் 4 டிகிரியில் வைத்து, மறுபடி 28 டிகிரி அறையில் விதைக்கப் போகிறேன்.

அக்டோபர் 25

முதல் பூ விரிந்தது. தாய்ச்செடியின் உச்சியில் வெள்ளையாகப் பூத்த பூவின் விதை இது. வந்திருப்பது இரண்டு சுற்றுப் பச்சை.