தனாசரியில் தேடிய ஆரத்தி

அமிர்தசரஸ் பொற்கோயிலான ஹர்மந்திர் சாஹிபில் ரெஹ்ராஸ் என்ற மாலைப் பிரார்த்தனை முடிந்ததும் ஆரத்தி பாடுகிறார்கள். தட்டு கிடையாது, கற்பூரம் கிடையாது, மணியும் அடிப்பதில்லை. ராகிகள் ஆர்மோனியமும் தபலாவுமாக உட்கார்ந்து பாட, சுற்றிலும் இருப்பவர்கள் கைகூப்பியபடி சேர்ந்து பாடுகிறார்கள். "ககன் மை தால்" என்று அது தொடங்குகிறது. ஆகாயமே தட்டு, சூரிய சந்திரர்களே விளக்கு, நட்சத்திரங்களே முத்துக்கள் என்று குருநானக் பாடியது. ஜகந்நாதர் கோயில் ஆரத்தியைப் பார்த்துவிட்டுப் பூரியில் பாடினார் என்பது மரபு. தூபமாக அவர் சொல்வது மலயக் காற்றை. தெற்கே சந்தன மலையில் இருந்து வரும் அந்தக் காற்று பஞ்சாபிப் பாட்டிலும் வீசுவதைக் கேட்க எனக்குத் தனி சந்தோஷம்.

இந்த ஆரத்தி ஒரே பாட்டு இல்லை. நானக்கின் பாட்டுக்குப் பிறகு ரவிதாஸ், சைன், கபீர், தன்னா ஆகிய பக்தர்களின் பாடல்களும் வருகின்றன. இவை எல்லாம் சீக்கியர்களின் புனித நூலான கிரந்தத்தில் எங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். சன்னிதியில் இருக்கும் குரு கிரந்த் சாஹிபை நம்மைப்போல் வருகிறவர்கள் புரட்டிப் பார்க்க முடியாது. நான் தங்கியிருந்தது ஒரு நண்பரின் வீட்டில். அங்கே தனி அறையில், துணி சுற்றி, அதே நூலை இரண்டு பாகமாகப் பிரித்த போத்தி வைத்திருந்தார்கள். கை கழுவி, தலையில் துணி கட்டிக்கொண்டு நண்பரின் அப்பாவோடு போய் உட்கார்ந்தேன்.

"என்ன ராகம் பேட்டா?" என்றுதான் முதலில் கேட்டார். பாட்டின் பெயர் என்ன என்று கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் இருக்கிறது. 1604-ல் குரு அர்ஜன் இந்த நூலைத் தொகுத்தபோது பொருள்வாரியாகவோ, பாடியவர்வாரியாகவோ அடுக்கவில்லை. முதல் 13 பக்கங்களில் தினசரிப் பிரார்த்தனைகள். பக்கம் என்று நான் சொல்கிறேன், அவர்கள் 'அங்' என்பார்கள், அதாவது குருவின் அங்கம். 14-ஆம் அங்கில் சிரீ ராகம் தொடங்கி 1353 வரை ராகம் ராகமாகப் போகிறது. இன்றைய நூலில் மொத்தம் 31 ராகங்கள். கடைசி ராகமான ஜெய்ஜெய்வந்தியில் இருப்பவை ஒன்பதாம் குரு தேக் பகதூரின் பாடல்கள் மட்டுமே. அவை பின்னால் சேர்ந்தவை. ராகங்கள் முடிந்த பிறகு சலோகங்களும் வேறு சிலவுமாக 1430-ல் நூல் நிறைகிறது. இப்போதைய அச்சுப் பிரதிகளில் இந்த எண்கள் ஒரே மாதிரி இருப்பதால், அமிர்தசரஸில் 663 என்றால் நாந்தேடிலும் 663-தான்.

அங்கிள்ஜி முன்பக்கங்களில் இருந்த 'தத்கரா'வைத் திறந்தார். நம் பாஷையில் பொருளடக்கம். ராகத்தின் பெயர் போட்டு, அதன் கீழே ஒவ்வொரு பாட்டின் தொடக்கச் சொற்களும் அங் எண்ணும் வரிசையாக இருந்தன. தனாசரி 660-ல் தொடங்கி 695-ல் முடிகிறது. அதற்குள் விரலை ஓட்டி 663-ல் நிறுத்தினார். பாட்டின் தலைப்பு "தனாசரி மஹலா 1 ஆரதீ". முதலில் ராகம், அடுத்து பாடியவர்.

இந்த 'மஹலா' எண் இல்லாமல் பாடியவரைக் கண்டுபிடிக்கவே முடியாது. குருமார்கள் எல்லாருமே பாட்டின் இறுதியில் 'நானக்' என்றுதான் முத்திரை வைத்திருக்கிறார்கள். மஹலா 1 என்றால் குருநானக், 3 என்றால் அமர்தாஸ், 5 என்றால் அர்ஜன். முத்திரையை மட்டும் பார்த்து எல்லாம் நானக் பாடியது என்று எழுதிவிடுகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. பல தலைப்புகளில் 'கர்' என்று ஓர் எண்ணும் வருகிறது. அது பாடும் முறையைச் சேர்ந்தது, அதன் பொருள் பற்றி இசைவாணர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. அப்புறம் நான்கு பத்தி கொண்டதா, எட்டுப் பத்தி கொண்டதா என்ற பாட்டின் வகை. ஒரு ராகத்துக்குள் பொதுவாகச் சிறிய பாடல்கள் முதலில் வரும், பிறகு எட்டுப் பத்திப் பாடல்கள், சந்த், வார் என்று நீண்டவை. அந்தந்த வகைக்குள் குருமார்கள் மஹலா எண்படி வருகிறார்கள். இந்த வரிசை மனதில் இருந்தால், தத்கரா இல்லாமலேகூட ஏறக்குறைய சரியான இடத்தில் போத்தியைத் திறந்துவிடலாம்.

தேடுகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது வேறோர் இடத்தில். ராகிகள் திரும்பத் திரும்பப் பாடி நம் காதில் பதிய வைக்கும் வரி பாட்டின் முதல் வரி அல்ல. 'ரஹாவு' என்று குறியிட்ட வரி, நம் பல்லவி போல. ஆனால் அது முதல் பத்திக்குப் பின்னால் அச்சாகியிருக்கும். இந்த ஆரத்தியில் "கைசீ ஆரதீ ஹோஇ" என்பதுதான் ரஹாவு. தத்கராவில் அதைத் தேடினால் கிடைக்காது, அங்கே "ககன் மை தால்" என்றுதான் இருக்கும். பாடுகிறவர் எப்போதும் தலைப்பிலுள்ள ராகத்திலேயே பாடுவார் என்பதும் நிச்சயமில்லை. ஆகவே காதை நம்பி ராகத்தை முடிவு செய்யக்கூடாது, பாட்டின் தலைப்பைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதே பாட்டு 13-ஆம் அங்கிலும் இருக்கிறது. இரவில் சொல்லும் சோஹிலாவின் ஐந்து பாடல்களில் இது மூன்றாவது. அங்கே பாட்டின் கடைசியில் 4, 3 என்று இரண்டு எண்கள் இருக்கும். நான்கு பத்திகள், இந்தத் தொகுப்பில் மூன்றாவது பாட்டு என்று அர்த்தம். 663-ல் எண்கள் தனாசரியின் கணக்குப்படி மாறிவிடுகின்றன. வழிபாட்டுக்காக முன்னால் எடுத்து வைத்த இடத்திலும் தனாசரி என்ற தலைப்பை அப்படியே விட்டிருப்பது எனக்குப் பிடித்தது. பாட்டு எந்த வீட்டுப் பிள்ளை என்று மறக்க விடவில்லை.

மற்ற பக்தர்களின் பாடல்களுக்கு மஹலா எண் கிடையாது, பெயரே தலைப்பில் வரும். ஒவ்வொரு ராகத்திலும் குருமார்களின் பாடல்கள் முடிந்த பிறகுதான் அவர்கள் பகுதி. "தனாசரியின் கடைசிக்குப் போ" என்றார் அங்கிள்ஜி. 694-ல் ரவிதாஸின் "நாம் தேரோ ஆரதீ" கிடைத்தது. செருப்புத் தைக்கும் குலத்தில் பிறந்தவர், உன் நாமமே ஆரத்தி என்கிறார். 695-ல் நாவிதர் சைன். அதே பக்கத்தில், அந்த ராகத்தின் கடைசிப் பாட்டாக, குடியானவர் தன்னா. அவர் ஆரத்தியோடு சேர்த்துப் பருப்பு, மாவு, நெய், கறவை மாடு, நல்ல குதிரை, நல்ல மனைவி எல்லாம் வேண்டும் என்று கேட்கிறார். படித்துவிட்டு இருவரும் சிரித்தோம்.

கபீரின் பாட்டு மட்டும் அங்கே இல்லை. தனாசரியில் கபீர் பாடல்கள் இருக்கின்றன, ஆனால் இது இல்லை. ஐந்தில் நான்கு ஒரே ராகத்தில் இருக்க, ஐந்தாவது 1350-ல், விபாஸ் பிரபாதி என்ற தலைப்பின் கீழ் இருந்தது. பிரபாதி விடியற்காலை ராகம், ஆரத்தியோ மாலையில் பாடுவது. ராகத்தின் நேரத்தை வைத்துத் தேடினால் இந்தப் பாட்டு அகப்படவே அகப்படாது.

மறுநாள் காலை ஹர்மந்திர் சாஹிபில் அன்றைக்கென்று நூலைத் திறந்து எடுக்கும் பாட்டான ஹுகம்நாமாவை வாசித்தபோதும், வாசிப்பவரான கிரந்தி முதலில் ராகத்தையும் மஹலாவையும் சொல்லிவிட்டுத்தான் பாட்டுக்குள் போனார். வெளியே பலகையில் அதே பாட்டு அங் எண்ணோடு எழுதியிருந்தது. பஞ்சாபி தெரியாதவர்கள் ராகம், மஹலா, அங் ஆகிய மூன்றை மட்டும் குறித்துக்கொண்டால் போதும், ஊருக்கு வந்து எந்த மொழிபெயர்ப்பிலும் அந்தப் பாட்டை எடுத்துவிடலாம்.