இரவு எழும்போது வரும் கிறுகிறுப்பு: ஐந்து மாத்திரைகளைப் பிரித்துப் பார்த்த 16 வாரங்கள்

முதியவர் ஒருவர் இரவில் விழுந்தார் என்றால், மருந்துகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கும் நாங்கள் முதலில் கேட்பது "எத்தனை மணிக்கு?" என்றுதான். பகலில் வழுக்கி விழுவது வேறு. இரவு இரண்டு மூன்று மணிக்குக் கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுவது வேறு. இரண்டாவதில் மாத்திரைக்குப் பெரும்பாலும் பங்கு இருக்கும், அதுவும் ஒரு மாத்திரைக்கு மட்டும் அல்ல.

இங்கே எழுதுவது 76 வயதுப் பெண்மணி ஒருவரின் மருந்துகளைப் படிப்படியாக மாற்றிய விவரம். இரண்டு மாதத்தில் மூன்று முறை விழுந்திருந்தார், மூன்றும் நள்ளிரவுக்குப் பின். அவர் எடுத்துவந்தவை: ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 10 மி.கி., கால் வீக்கத்துக்கு ஃப்யூரோசிமைடு என்ற நீர் மாத்திரை 20 மி.கி. காலையிலும் மாலை 7 மணிக்கும், தலைசுற்றலுக்கு சின்னரிசின் 25 மி.கி. மூன்று வேளை, தூக்கத்துக்கு குளோனாசிபாம் 0.5 மி.கி. இந்த நான்கும் மருந்துச் சீட்டில் இருந்தன. ஐந்தாவது சீட்டில் இல்லை. வீட்டில் இருக்கும் மாத்திரை, களிம்பு, சிரப் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னபோதுதான் அது வெளியே வந்தது: மூக்கடைப்புக்காகத் தினமும் இரவு போட்டுக்கொண்ட, குளோர்ஃபெனிரமின் கலந்த சளி மாத்திரை. "அது மருந்தா? சும்மா சளிக்குத்தானே போடறேன்" என்றார் அந்த அம்மா. பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். அதனால் பையைப் பார்க்காமல் சீட்டை மட்டும் பார்த்து நாங்கள் முடிவெடுப்பதில்லை.

அடுத்தது, படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம் பார்ப்பது. உட்காரவைத்து எடுத்த அளவு இதற்கு உதவாது. ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒரு அளவு, எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்று நிமிடத்தில் இன்னொன்று. விழுந்தால் பிடிக்க ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், நிற்கும்போது அழுத்தம் சரிகிறது என்று பொருள். இவருக்குப் படுத்தபோது 138/78, நாடி 72. நின்ற ஒரு நிமிடத்தில் 112/66, நாடி 90. மூன்று நிமிடத்தில் 116/68. மேல் அளவு 26 சரிந்திருக்கிறது. நாடி ஏறியதும் ஒரு சேதி சொல்கிறது. அழுத்தம் சரிந்தும் நாடி அசையாமல் நின்றால், அழுத்தத்தைத் தாங்கும் நரம்புகளே பழுதாகியிருக்கலாம். நீரிழிவு, பார்க்கின்சன் நோயில் அப்படி நேரும். நாடி எகிறினால் உடலில் நீர் வற்றியிருப்பதையோ மருந்தையோ முதலில் சந்தேகிக்கலாம்.

பிறகு ஒவ்வொரு மாத்திரைக்கும் எதிரே "இது எதற்காகத் தொடங்கப்பட்டது?" என்று எழுதினோம். கேள்வி எளியது, பதிலைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. அம்லோடிபின் 5 மி.கி. 10 ஆனபின் கணுக்கால் வீங்கியது. வீக்கத்துக்கு நீர் மாத்திரை வந்தது. நீர் மாத்திரையால் இரவு நான்கு முறை எழ வேண்டியதாயிற்று. தூக்கம் கெட்டதால் குளோனாசிபாம் வந்தது. எழும்போது கிறுகிறுத்ததால் சின்னரிசின் வந்தது. ஆக, நான்கில் மூன்று மாத்திரைகள் முதல் மாத்திரை உண்டாக்கிய தொல்லைக்கே கொடுக்கப்பட்டவை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருக்கும். வரிசையாக, தேதியோடு எழுதினால்தான் சங்கிலி கண்ணில் படும்.

அம்லோடிபின் வீக்கத்துக்கு நீர் மாத்திரை ஏன் சரிப்படுவதில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அந்த வீக்கம் உடலில் உப்பும் நீரும் கூடியதால் வருவதல்ல. சிறு தமனிகள் விரிந்து, நுண்குழாய்களில் அழுத்தம் கூடி, நீர் வெளியே கசிவதால் வருவது. நீர் மாத்திரை ரத்தத்தில் இருக்கும் நீரைத்தான் இறக்கும். கால் அப்படியே இருக்கும், நிற்கும்போது அழுத்தம் மட்டும் சரியும். ஆனால் இதயம் பலவீனமானவர்களுக்கு அதே மாத்திரை உயிர் காப்பது. ஆகவே எக்கோ பரிசோதனையில் இதயம் நன்றாக இயங்குகிறது என்று உறுதியான பிறகுதான் இதில் கைவைத்தோம். சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் மூன்றும் பார்க்கப்பட்டன. சோடியம் குறைந்திருந்தாலும் நடை தள்ளாடும், அதற்கும் நீர் மாத்திரை காரணமாகலாம்.

முதல் வாரத்தில் சீட்டில் இருந்த மருந்துகளின் அளவு எதையும் குறைக்கவில்லை. மாலை 7 மணி நீர் மாத்திரையைப் பகல் 1 மணிக்கு மாற்றினோம், அவ்வளவுதான். ஃப்யூரோசிமைடின் வேகம் ஏறத்தாழ ஆறு மணி நேரம்; 1 மணிக்குப் போட்டால் படுக்கும் முன்பே அடங்கிவிடும். பிற்பகலில் ஒரு மணி நேரம் காலைத் தலையணைமேல் உயர்த்திப் படுக்கவும் சொன்னோம். பகலெல்லாம் காலில் தேங்கும் நீர் இரவு படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராக வரும். அதைப் பகலிலேயே திருப்பிவிட்டால் இரவு மிச்சம். நான்கு முறை எழுந்தவர் அந்த வாரமே இரண்டு முறைக்கு வந்தார்.

அதே வாரம் சளி மாத்திரையை நிறுத்தினோம். குளோர்ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின், ஹைட்ராக்சிசின் ஆகியவை பழைய வகை ஒவ்வாமை மருந்துகள். மூளைக்குள் எளிதில் புகுந்து மந்தம், தடுமாற்றம், குழப்பம் தருபவை. சிறுநீர் கழிவதையும் தடுப்பவை. முதியவர்களுக்குத் தவிர்க்கவேண்டிய மருந்துகளின் பட்டியலாக அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும் பியர்ஸ் அளவுகோலில் இவை இருக்கின்றன. மாற்றாக உப்புநீரால் மூக்கைக் கழுவுதல், அது போதாவிட்டால் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே. மாத்திரைதான் வேண்டுமென்றால் லோரடடின் அல்லது ஃபெக்சோஃபெனடின். செட்ரிசினும் சிலருக்குத் தூக்கம் தரும், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இன்னும் கூடுதலாக. இவருக்கு ஸ்பிரே பலன் தர பத்து நாள் ஆனது. நடுவில் ஒரு நாள் மூக்கடைப்பு தாங்காமல் வீட்டார் வேறு பெயரில் ஒரு சளி மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். அதிலும் அதே குளோர்ஃபெனிரமின். மறுநாள் காலை முழுவதும் தள்ளாட்டம். வணிகப் பெயரைப் பார்க்காமல், அட்டையின் பின்புறம் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படிக்க வேண்டும்.

இரண்டாம் வாரம் அம்லோடிபின் 10-லிருந்து 5 ஆனது. இந்த வீக்கம் அளவைப் பொறுத்தது என்பதால் நான்காம் வாரத்துக்குள் நன்றாக வடிந்தது. பிறகு பகல் நீர் மாத்திரையையும், அடுத்த வாரம் காலை நீர் மாத்திரையையும் நிறுத்தினோம். நிறுத்திய நாளிலிருந்து தினமும் காலையில் எடை. மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ உடனே மருத்துவரிடம் வரச் சொல்லியிருந்தோம். அப்படி எதுவும் நேரவில்லை. ஆறாம் வாரத்தில் ரத்த அழுத்தம் 158 அளவுக்கு ஏறி அங்கேயே நின்றது. அம்லோடிபினை மறுபடி 10 ஆக்கினால் பழைய சங்கிலி திரும்பும். ஆகவே மருத்துவர் லோசார்டன் 25 மி.கி. சேர்த்தார், இந்த வகை மருந்து அம்லோடிபின் வீக்கத்தையும் கொஞ்சம் குறைக்கும். இரண்டு வாரம் கழித்துப் பொட்டாசியமும் கிரியாட்டினினும் மறுபடி பார்க்கப்பட்டன, நின்ற நிலை அழுத்தமும்தான்.

சின்னரிசின் ஏழாம், எட்டாம் வாரங்களில் போனது: மூன்று வேளையை இரண்டாக்கி, ஒன்றாக்கி, நிறுத்தினோம். அது காதின் சமநிலை உறுப்பிலிருந்து கிளம்பும் சுழற்சியை அடக்கும் மருந்து. நிற்கும்போது அழுத்தம் சரிந்து வரும் கிறுகிறுப்புக்கு அதனால் பயனில்லை. மாதக்கணக்கில் போட்டால் கை நடுக்கம், உடல் இறுக்கம், சின்னச் சின்ன அடி வைத்து நடத்தல் என்று பார்க்கின்சன் போலவே ஒரு நிலையைக் கொண்டுவரலாம். நிறுத்திய பிறகும் அது மறைய மாதங்கள் ஆகலாம். தலைசுற்றலுக்குத் தரப்படும் புரோகுளோர்பெராசினுக்கும் இது பொருந்தும். எழுந்து நின்றால் கிறுகிறுப்பா, படுக்கையில் புரண்டால் அறையே சுற்றுகிறதா என்று பிரித்துக் கேளுங்கள். புரளும்போது ஒரு நிமிடத்துக்குள் வந்து போகும் சுழற்சிக்கு மாத்திரையே வேண்டாம். தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பும் எப்ளி முறையைத் தெரிந்தவர் செய்தால் பல நேரம் அப்போதே தீரும்.

குளோனாசிபாமைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. அது உடலில் பாதியாகக் குறையவே ஒரு நாளுக்கு மேல் ஆகிறது. இன்றிரவு போட்டது நாளைப் பகலிலும் இருக்கும், அதன்மேல் நாளைய மாத்திரையும் ஏறும். திடீரென நிறுத்தினால் பதற்றம், தூக்கமின்மை, அரிதாக வலிப்பு. அதனால் 0.25 மி.கி. மாத்திரைகளை வாங்கி, முதல் இரண்டு வாரம் ஒன்றரை, அடுத்த இரண்டு வாரம் ஒன்று, அடுத்த இரண்டு வாரம் அரை, கடைசி இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அரை. வலிப்பு நோய்க்காக இதை எடுப்பவருக்கும், தினமும் மது அருந்துபவருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. ஒவ்வொரு படியிலும் மூன்று நான்கு இரவு தூக்கம் கெடும். பழைய நோய் திரும்பிவிட்டது என்று பயந்து மறுபடி ஏற்றிவிடுவது இங்கேதான். இவரும் அரை மாத்திரைக்கு வந்தபோது தாங்கவில்லை என்றார். ஒன்றுக்குத் திரும்பவில்லை, அந்தப் படியிலேயே இன்னும் ஒரு வாரம் வைத்திருந்து, கடைசிப் படியை ஒரு வாரமாகக் குறைத்தோம்.

தூக்க மாத்திரைக்கு மாற்று இன்னொரு தூக்க மாத்திரை அல்ல. சோல்பிடெமும் இரவில் விழவைக்கும். இவர் இரவு 8:30-க்குப் படுத்துக் காலை 6-க்கு எழுபவர். உண்மையில் தூங்கியது ஆறு மணி நேரம்தான். எழும் நேரத்தை 6 என்றே வைத்து, படுக்கும் நேரத்தை வாரம் 15 நிமிடமாகத் தள்ளி 10 மணிக்குக் கொண்டுபோனோம். வயதானவருக்கு இதை ஒரேயடியாகச் செய்தால் பகல் தூக்கக் கலக்கத்திலேயே விழுவார்.

ஆண்களுக்கு இந்தச் சங்கிலியில் இன்னொரு கண்ணி சேரும்: புராஸ்டேட்டுக்குத் தரப்படும் பிரசோசின், டெராசோசின், டாக்சசோசின் ரத்த அழுத்தத்தையும் இறக்குபவை. டாம்சுலோசின் ஒப்பீட்டளவில் மிதமானது, ஆனாலும் தொடங்கிய முதல் நாட்களில் எழும்போது கவனம் தேவை. படுக்கை அருகே சிறுநீர்க் குடுவை இருந்தால் எழுந்து நடக்கும் வேலையே இல்லை.

மருந்து மாறும் இந்த வாரங்கள் முழுவதும் இரவில் எழ ஒரே முறைதான்: விளக்கைப் போட்டு, படுக்கை ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பாதங்களைப் பத்துப் பதினைந்து முறை மேலும் கீழும் அசைத்து, பிறகு பிடித்துக்கொண்டு எழுவது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் தலை அடிபட விழுந்தால், வலி இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்கு.

பதினாறாம் வாரம்: படுத்தபோது 142/80, நின்ற ஒரு நிமிடத்தில் 130/76. இரவில் ஒரு முறை எழுகிறார். கடைசி ஒன்பது வாரங்களில் விழவில்லை. காலை நான்கு மணிக்கே விழிப்பு வருகிறது, அது இன்னும் சரியாகவில்லை.